வியாழ திசை பிறக்கிறது என்று மண்டபம் கட்டாதீர்கள், ரீச்சர்



உங்கள் சாதகக் கொப்பியும் கடிதமும் கிடைத்தன. "வியாழ திசை தொடங்குது, இனித்தான் உங்களுக்குப் பொற்காலம்" என்று எல்லோரும் சொல்வதாகவும், பணிக்கொடைக் காசில் காணித்துண்டில் ஒரு ரியூட்டறி மண்டபம் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே வரியில் பதில் வேண்டும் என்றால், இப்போது வேண்டாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள். என் அத்தானும் கேட்கவில்லை. ஆகையால் கணக்கோடு எழுதுகிறேன். நீங்கள் கணித ரீச்சர், பிழை இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள்.

முதலில் உங்களுக்கு வியாழ திசை எப்போது தொடங்குகிறது என்று பார்ப்போம். நீங்கள் பிறந்தது விசுவாவசு வருடம் சித்திரை, அதாவது 1965 மே. அறுபது வருடச் சுற்று முடிந்து அதே விசுவாவசு 2025 சித்திரையில் திரும்ப வந்தது, உங்கள் ஓய்வும் அதோடு வந்துவிட்டது. உங்கள் கொப்பியில் இரண்டு கையெழுத்துகள் இருப்பதைக் கவனித்தீர்களா? பழைய நீல மையில் உங்கள் அப்பா எழுதுவித்தது வாக்கிய பஞ்சாங்கப்படி. பின்னால் யாரோ கறுப்பு மையில் திருத்தியது திருக்கணிதப்படி. நீல மைக்காரர் உங்களை மக நட்சத்திரத்தின் கடைசியில் வைத்திருக்கிறார், மகம் முடிய இன்னும் 2 நாழிகை இருந்ததாம். கறுப்பு மைக்காரர், மகம் முடிந்து பூரம் பிறந்து ஒன்றரை நாழிகை ஆகிவிட்டது என்கிறார். இருவருக்கும் இடையில் மூன்றரை நாழிகைதான் வித்தியாசம். கடிகாரத்தில் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை.

இந்த மூன்றரை நாழிகை என்ன செய்யும் என்று பாருங்கள். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சராசரியாக 60 நாழிகை எடுக்கும், கூடவும் குறையவும் செய்யும். பூரம் சுக்கிரனின் நட்சத்திரம், சுக்கிர திசை 20 வருடம். 20 வருடத்தை 60 ஆல் பிரித்தால் ஒரு நாழிகைக்கு 4 மாதம். பூரத்தில் ஒன்றரை நாழிகை போயிருந்தால் 6 மாதம் கழிந்துவிட்டது, பிறப்பில் சுக்கிர திசை இருப்பு 19 வருடம் 6 மாதம். அதற்குமேல் சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18. கூட்டினால் 60 வருடம் 6 மாதம். திருக்கணிதப்படி வியாழ திசை 2025 நவம்பரில் பிறக்கிறது.

நீல மைப்படி போனால் மகம் கேதுவின் நட்சத்திரம், கேது திசை 7 வருடம். 60 ஆல் பிரித்தால் நாழிகைக்கு 1 மாதம் 12 நாள். மிச்சம் 2 நாழிகைக்கு 2 மாதம் 24 நாள். அதற்குமேல் சுக்கிரன் முழுதாக 20, பிறகு முன்போலவே மற்றவை. 61 வருடம் 2 மாதம் 24 நாள். வாக்கியப்படி வியாழன் பிறப்பது 2026 ஓகஸ்ட் தொடக்கத்தில்.

எது சரி என்று என்னிடம் கேட்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து இரண்டு பஞ்சாங்கமும் வருகிறது, இரண்டையும் வாங்குகிற வீடுகள் உண்டு. சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2025 மார்ச்சில், வாக்கியப்படி 2026 மார்ச்சில்தான். சனியிலேயே ஒரு வருடம் இழுபடுகிறவர்கள் உங்கள் பூரத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒத்துப்போவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் செய்வது வேறு. இரண்டும் எங்கே ஒத்துவருகிறதோ அந்தக் காலத்தை மட்டும் நம்பிப் பெரிய காரியத்துக்கு நாள் சொல்லுவேன். இடைப்பட்ட காலத்தில் காசு இறக்கவிடமாட்டேன். இதனால் "பயந்தாங்கொள்ளிச் சாத்திரி" என்று மன்னாரில் எனக்குப் பெயர் இருப்பது தெரியும். அந்தப் பெயர் அத்தானின் கதைக்குப் பிறகு வந்தது. அதை வைத்தவர்கள் அந்தக் கதையைச் சரியாகக் கேட்கவில்லை.

அத்தான் பிறந்தது 1944இல். அவருடைய அசல் சாதகம் 1990இல் வள்ளத்தில் மண்டபம் முகாமுக்குப் போகும்போது போய்விட்டது. மிஞ்சியது மாமி ஒரு பழைய செபப் புத்தகம் அளவான கொப்பியில் குறித்துவைத்த நேரம் மட்டும். ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் பார்த்த நேரம். 2004இல் ஓய்வு பெற்றதும் அத்தான் அதைக் கொழும்பில் ஒரு கொம்பியூட்டர் கடையில் கொடுத்து, பளபளப்பான அட்டை போட்ட ஒரு குறிப்பு எடுத்துவந்தார். பரணி நட்சத்திரம், அதுவும் உங்கள் பூரம்போலச் சுக்கிரனுடையது. வியாழ திசை தொடங்கி ஆறு மாதம் ஆகிவிட்டது என்று அச்சில் இருந்தது. தனகாரகன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான், இனி என்ன தாமதம்?

அந்தக் கடைப் பையனுக்கும் அவனுடைய மென்பொருளுக்கும் ஒன்று தெரியவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலங்கையின் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்திருந்தார்கள். 1942 ஜனவரியில் அரை மணித்தியாலம், அதே வருடம் செப்டெம்பரில் இன்னொரு அரை மணித்தியாலம். 1945 ஒக்ரோபர் வரை அது அப்படியே இருந்தது. ஆகவே 1944இல் ஆஸ்பத்திரிச் சுவரில் ஏழு மணி என்றால் நாம் இன்று கணக்கிடும் நேரப்படி ஆறு மணி. பையன் ஏழையே அடித்தான். ஒரு மணித்தியாலம் என்பது இரண்டரை நாழிகை. சுக்கிர நட்சத்திரத்தில் அது 10 மாதம். உண்மையில் அத்தானுக்கு வியாழன் பிறக்க இன்னும் 4 மாதம் இருந்தது. அவர் நின்றது ராகு திசையின் கடைசிப் புத்தியில், செவ்வாயில். நான் எத்தனையோ பேருக்குக் குறிப்பு எழுதியிருக்கிறேன், ராகுவில் செவ்வாய் புத்தி ஓடும்போது புதிய கூட்டாளியோடு கையெழுத்துப் போடு என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

அத்தானிடம் சொன்னேன். வீட்டு விறாந்தையில் வைத்து, கணக்கைக் கடதாசியில் போட்டுக் காட்டினேன். "நீ தபாற்கந்தோரில் முத்திரை குத்தினவன், கொம்பியூட்டர் பிழை விடாது" என்றார். அக்கா குசினிக்குள் இருந்து ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமையே பணிக்கொடை முழுவதையும் போட்டு ஒரு பங்காளியோடு சேர்ந்து கூலர் வாகனம் வாங்கினார். பேசாலை, தலைமன்னார் மீனைக் கொழும்புக்கு ஏற்றுவது திட்டம். முப்பது வருடம் கந்தோரில் கோப்புப் பார்த்தவருக்கு ஐஸ் எவ்வளவு போட வேண்டும், எந்த மீன் எத்தனை மணித்தியாலம் தாங்கும், கடன் கொடுத்த சம்மாட்டி எப்போது விலையை மாற்றுவான் என்று எதுவும் தெரியாது. தெரிந்த பங்காளி கணக்குக் கொப்பியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். 2006இல் சண்டை திரும்பத் தொடங்கியதும் மதவாச்சிச் சோதனைச் சாவடியில் வாகனம் காத்துக் கிடந்து மீன் நாறியது. வாகனம் போய், காசு போய், பங்காளியும் போனான். இன்றும் அக்காவின் பிள்ளைகள் கலியாண வீடுகளில் என்னைக் கண்டால், "மாமா எழுதின குறிப்பை நம்பித்தான் அப்பா அழிஞ்சார்" என்பார்கள். அந்தக் குறிப்பை நான் எழுதியதே இல்லை, ரீச்சர். நான் எழுதிக் காட்டியதை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். 2006இல் அத்தானுக்கு உண்மையாகவே வியாழ திசைதானே நடந்தது, அப்போதும் ஏன் நட்டம்? சண்டை எல்லோருக்கும் வந்தது, அதற்கு அத்தானின் ராகுவா பொறுப்பு? நல்ல கேள்வி. சண்டைக்கு எந்தச் சாதகமும் பொறுப்பில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது 2004இல். நாள் பிழைத்ததைவிட, நாள் வந்துவிட்டது என்ற துணிச்சல்தான் அவரைத் தெரியாத தொழிலில் இறக்கியது. இதை நான் அப்போதே சொன்னேன் என்பதைமட்டும் பதிவு செய்து வைக்கிறேன்.

இதே கடிகாரத் தொல்லை உங்கள் மாணவர்களுக்கும் உண்டு, குறிப்புப் பார்க்க வருகிற தாய்மாரிடம் சொல்லிவையுங்கள். 1996 மே மாதம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள், ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னிழுத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு வந்தோம். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது. ஆகவே அந்தப் பத்து வருடத்தில் நம் மாவட்டத்திலேயே தீவுக்கு ஒரு நேரம், பெருநிலத்தில் மடுப் பக்கம் இன்னொரு நேரம். ஒரே நிமிடத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளின் கொப்பியில் அரை மணித்தியால வித்தியாசம் இருக்கும், 1996 மே முதல் ஒக்ரோபர் வரை என்றால் ஒரு மணித்தியாலம். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது கலியாணம் பேசுகிறார்கள். எங்கே பிறந்தது, யாருடைய கடிகாரம் என்று கேட்காமல் பொருத்தம் பார்க்கிறவரிடம் போகவேண்டாம்.

நீங்கள் பிறந்த 1965இல் இந்தக் குழப்பம் இல்லை. உங்களுடையது பஞ்சாங்கத் தகராறு மட்டும். நடந்த நிகழ்ச்சிகளை வைத்து எது சரியென்று சோதிக்கலாம் என்று புத்தகங்கள் சொல்லும். திசை மாறும்போது வாழ்க்கையில் ஏதாவது புரளும், அந்தத் திகதியோடு ஒப்பிட்டுப் பார் என்பார்கள். மன்னாரில் இது சுலபமில்லை. உங்கள் சூரிய திசை முடிந்து சந்திர திசை பிறந்தது திருக்கணிதத்தில் 1990 நவம்பர், வாக்கியத்தில் 1991 ஓகஸ்ட். 1990இல் இந்தத் தீவில் யாருடைய வாழ்க்கை புரளவில்லை? எருக்கலம்பிட்டியில் இருந்து ஒரு ஊரையே வெறுங்கையோடு வெளியேற்றிய வருடம் அது. ராகு திசை பிறந்தது 2007 நவம்பரா, 2008 ஓகஸ்டா? அந்த மாதங்களிலும் பெருநிலம் முழுக்கச் சனம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே அடி விழுந்த திகதியை வைத்து ஒருத்தியின் திசையைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே நான் உங்களிடம் கேட்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு மாற்றத்தை. சந்திரன் முடிந்து செவ்வாய் தொடங்கியது 2000 நவம்பரா, 2001 ஓகஸ்டா? இடமாற்றம், பதவி உயர்வு, சத்திரசிகிச்சை, காணிச் சண்டை, உங்களுக்கு மட்டும் நடந்தது ஏதாவது அந்த இரண்டில் ஒன்றை ஒட்டி வருகிறதா? ஞாபகத்தில் இருந்து சொல்லவேண்டாம். ஞாபகம் நாம் விரும்பும் திகதிக்கு நகர்ந்துவிடும். உங்கள் சேவைக் கோப்பில் ஒவ்வொரு கடிதத்துக்கும் திகதி இருக்கும், அதைப் பாருங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. வியாழன் பிறந்தால் பொன்னா?

உங்கள் இலக்கினம் துலாம். மாலையில் பிறந்தவர், நாழிகை கொஞ்சம் ஆடினாலும் இலக்கினம் அசையவில்லை. துலாத்துக்கு வியாழன் மூன்றாம், ஆறாம் வீடுகளுக்கு உடையவன். மூன்று என்றால் முயற்சி, எழுத்து, கை. ஆறு என்றால் கடன், நோய், வழக்கு, இன்னொரு பக்கம் தொண்டு. அந்த வியாழன் 1965 மேயில் இருந்தது ரிஷபத்தில், உங்களுக்கு எட்டாம் வீடு. கடன் வீட்டுக்காரன் மறைவு வீட்டில் இருக்கிறான். சிலர் இதை விபரீத ராஜயோகம் என்று சொல்லிக் காசு வாங்குவார்கள். நான் சொல்வது, கடன் வாங்காதவரைக்கும் அது யோகம். வங்கிக் கடன் எடுத்து மண்டபம் போட்டால் அந்த ஆறாம் வீட்டை நீங்களே கதவு திறந்து உள்ளே அழைக்கிறீர்கள். பொதுவாக "வியாழ திசை நல்லது" என்று சொல்லுகிற பலர் இலக்கினத்தைப் பார்ப்பதே இல்லை. தொலைபேசியில் இந்தியாவில் இருந்து பலன் சொன்னவரும் உங்கள் இலக்கினத்தைக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவே போதும்.

உங்களுக்குக் கொடுக்கப்போகிறவர் சனி. துலாத்துக்கு நாலாம், ஐந்தாம் வீடுகளுக்கு உடைய யோககாரகன் அவர். நீங்கள் பிறந்தபோது கும்பத்தில், சொந்த வீட்டில், அதுவும் ஐந்தாம் இடத்தில் இருந்தார். ஐந்தாம் இடம் பிள்ளைகள், படிப்பு. நீங்கள் ஏன் ரீச்சராக வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் அந்தக் கட்டத்தைக் காட்டுங்கள். வியாழ திசையில் முதல் புத்தி வியாழனுடையது, 2 வருடம் 1 மாதம் 18 நாள். அடுத்தது சனி புத்தி, 2 வருடம் 6 மாதம் 12 நாள். திருக்கணிதப்படி சனி புத்தி 2027 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2030 ஜூலையில் முடிகிறது. வாக்கியப்படி 2028 செப்டெம்பரில் இருந்து 2031 ஏப்ரல் வரை. இரண்டு பஞ்சாங்கமும் சண்டையில்லாமல் கையெழுத்துப் போடும் காலம் 2028 செப்டெம்பரில் இருந்து 2030 ஜூலை வரை. மண்டபம், பதிவு, பெயர்ப்பலகை எது செய்வதென்றாலும் அப்போது செய்யுங்கள்.

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. சும்மா இருந்தால் நீங்கள் நோயாளியாகிவிடுவீர்கள் என்று ஆறாம் வீடு சொல்லத் தேவையில்லை, உங்கள் தம்பியே சொன்னான். உங்கள் வகுப்பில் ஒரு பாடம் பற்றி எனக்கு ஊரில் பலர் சொல்லியிருக்கிறார்கள். விகிதம் விளங்காத கடற்கரைப் பிள்ளைகளுக்கு மீன் பங்கு பிரிக்கும் கணக்கில் இருந்து தொடங்குவீர்களாம். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எண்ணெய்ச் செலவு போக மிச்சம் தொழிலாளிக்கு. ஆழத்தைப் பாகத்தில் அளக்கிற பிள்ளைக்கு மீற்றரைப் பாகத்தில் இருந்து மாற்றிக் காட்டுவீர்களாம். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. வியாழனின் மூன்றாம் வீடு எழுத்து, எட்டாம் இடம் மறைந்துகிடக்கும் பழையது. முதல் புத்தியில் அதை எழுதுங்கள். ஒவ்வொரு கணக்காக, நீங்கள் கேட்ட கேள்வியும் பிள்ளை விட்ட பிழையுமாக. சாதாரண தரக் கணிதத்தில் சறுக்கிய நாலைந்து பிள்ளைகளை உங்கள் விறாந்தையிலேயே வைத்து அந்தக் கணக்குகளைப் பரீட்சித்துப் பாருங்கள். காசு வாங்காதீர்கள், ஆறாம் வீடு தொண்டுக்குக் கட்டுப்படும். எந்தக் கணக்கில் எல்லாப் பிள்ளைகளும் முழிக்கிறார்களோ அதைத் திருத்துங்கள். சனி புத்தி வரும்போது கையில் ஒரு பயிற்சிக் கொப்பி இருக்கும். அப்போது மண்டபம் வேண்டுமா, அச்சுச் செலவு வேண்டுமா என்று உங்களுக்கே தெரியும். எனக்கென்னவோ மண்டபம் வேண்டியிராது என்று படுகிறது. ஆனால் அது சாத்திரம் இல்லை, என் அபிப்பிராயம்.

பரிகாரம் கேட்டிருந்தீர்கள். பெரிய தொகைக்கு யாகம் சொன்னவர் யாரென்று தெரியும், பெயர் எழுதவில்லை. வியாழக்கிழமை முடிந்தால் திருக்கேதீச்சரம் போய்ப் பாலாவியில் கால் நனைத்து, கௌரியம்பாளோடு இருக்கும் கேதீச்சர நாதரைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். பஸ் காசுக்கு மேல் செலவில்லை. கொண்டைக்கடலை மாலையைத் தட்சணாமூர்த்திக்குப் போட்டுவிட்டு வியாழ பகவானுக்குப் போட்டதாக நினைக்கிறார்கள். அவர் சிவன், இவர் நவக்கிரகத்தில் ஒருவர். கடலையை அவித்து விறாந்தைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சம்மதமாக இருக்கும்.

பிறந்த நேரத்தை எழுதினவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தார் என்பது ஒருவருக்கும் உறுதியில்லை என்பதையும் மறக்கவேண்டாம். தாதி குழந்தையைத் துடைத்துக் குளிப்பாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்த நேரமாகவும் இருக்கலாம். கால் மணித்தியாலம் ஆடினால் திருக்கணிதப்படி உங்கள் வியாழன் இரண்டரை மாதம் ஆடும். நாளையும் மணியையும் சொல்லி "இந்தக் கிழமை திசை பிறக்கிறது, விளக்கேற்று" என்கிறவர்களின் துணிச்சல் என்னிடம் இல்லை.

ஆகவே 2026 ஓகஸ்ட் கழியும்வரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வேண்டாம், மண்டபத்தை 2028 செப்டெம்பருக்கு முன் தொடவும் வேண்டாம். பணிக்கொடையை நிலையான வைப்பில் போட்டு, புத்தகத்தை உங்கள் பெயரில் உங்கள் அலுமாரியில் வையுங்கள், மருமகனிடம் கொடுக்காதீர்கள். 2000, 2001 வருடக் கடிதங்களைச் சேவைக் கோப்பில் இருந்து எடுத்துக்கொண்டு ஒரு பின்னேரம் வாருங்கள். காலையில் வராதீர்கள், பொருத்தம் பார்க்க வருகிற கூட்டத்தில் உங்களோடு பேச நேரம் இருக்காது.